திருப்தியான வாடிக்கையாளரிடம் ரிவ்யூவும் அறிமுகமும் கேட்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறு நிறுவனங்களும் தனியாகத் தொழில் செய்பவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. எல்லாப் பதில்களிலும் ஒரே உதாரணம் வரும்: மூன்று கிடங்கு வைத்திருக்கும் உதிரிபாக வியாபாரி ஒருவருக்கு ஸ்டாக் கணக்கு மென்பொருள் போட்டுக் கொடுத்த சிறு நிறுவனம். மென்பொருள் என்று வரும் இடத்தில் உங்கள் வேலையை வைத்துப் படித்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிஞ்ச அன்னைக்கே ரிவ்யூ கேட்டுடலாமா, கொஞ்ச நாள் விட்டுக் கேட்கணுமா?

உங்கள் வேலை முடியும் நாளும் வாடிக்கையாளருக்குப் பலன் தெரியும் நாளும் ஒன்றாக இருந்தால் அன்றே கேட்கலாம். கல்யாண வீட்டில் மேடை அலங்காரம் செய்தவர் மறுநாளே கேட்கலாம், ஏனென்றால் பலன் கண்ணெதிரே நடந்து முடிந்துவிட்டது. ஸ்டாக் மென்பொருள் அப்படியல்ல. நிறுவிக் கொடுத்த அன்று வாடிக்கையாளருக்குத் தெரிவதெல்லாம் புதுத் திரையும் பழகாத பொத்தான்களும்தான். முதல் மாதக் கடைசிக் கணக்கு முடியும்போதுதான் லாபமா நஷ்டமா என்று அவருக்கே புரியும். அதற்கு முன் கேட்டால் "பையன்கள் நல்லா வேலை செஞ்சாங்க" என்று மட்டும்தான் அவரால் எழுத முடியும்.

இதைவிட நல்ல நேரம் ஒன்று உண்டு. வாடிக்கையாளர் தானாகவே ஒரு நல்ல வார்த்தை சொல்லும் நேரம் அது. வேறு எதற்கோ போன் செய்தவர் நடுவில், "முன்னல்லாம் ஸ்டாக் எடுக்க மூணு நாள் ஆகும், இப்ப ஒரே நாள்ல முடிஞ்சிடுது" என்கிறார். அந்த வாக்கியத்தை அவர் சொன்னபடியே, தேதியோடு, உடனே குறித்து வையுங்கள். அன்று மாலையோ மறுநாளோ கேட்டால் அது இயல்பாக இருக்கும். மூன்று மாதம் கழித்துக் கேட்டால், ஒரே நாளில் கணக்கு முடிவது அவருக்குப் பழகிப்போயிருக்கும். பழைய சிரமம் மறந்தவரால் வித்தியாசத்தைச் சொல்ல முடியாது.

கேட்கக்கூடாத நேரங்களும் சில உண்டு. பில் அனுப்பும் அதே மெசேஜில் கேட்காதீர்கள். பணம் நிலுவையில் இருக்கும்போதும் வேண்டாம். சின்னதாக ஒரு புகார்கூடத் தீராமல் இருந்தால் அதை முடித்துவிட்டுக் கேளுங்கள். அலுவலகத்தில் கேட்பவர் ஒருவர், புகாரைக் கவனிப்பவர் வேறொருவர் என்றால் இங்கேதான் இடறும். பிரின்டர் பிரச்சினைக்காக இரண்டு நாளாகக் காத்திருக்கும் வாடிக்கையாளருக்கு "எங்க சேவை எப்படி இருந்தது?" என்று மெசேஜ் போய்விடும். அனுப்புவதற்கு முன் சர்வீஸ் பார்ப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டாலே இதைத் தவிர்த்துவிடலாம்.

ரிவ்யூ எழுதித் தாங்க, நாலு பேர்கிட்டயும் சொல்லுங்கன்னு ஒரே மெசேஜ்ல கேட்டா என்ன?

இரண்டும் நடக்காமல் போகும். படிப்பவர் எதை முதலில் செய்வது என்று யோசித்து, அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிவைப்பார். தள்ளிவைத்த மெசேஜுக்குப் பெரும்பாலும் பதில் வராது.

தவிர, இரண்டும் ஒரே அளவு உதவி அல்ல. ரிவ்யூ எழுதுபவர் நடந்து முடிந்ததைப் பற்றிச் சொல்கிறார். அவருக்குச் செலவாவது பத்து நிமிடம். அறிமுகம் செய்பவர் இனி நடக்கப்போவதற்குப் பொறுப்பேற்கிறார். நண்பரிடம் நீங்கள் வேலையைச் சொதப்பினால், "நீ சொன்னதாலதான் கொடுத்தேன்" என்ற பேச்சை அவர்தான் கேட்க வேண்டும். அதனால் முதலில் ரிவ்யூ கேளுங்கள். அது வந்து, நன்றி சொல்லி, இரண்டு மூன்று வாரம் போன பிறகு அறிமுகம் கேட்கலாம். எழுதும்போது தனக்குக் கிடைத்த பலனை அவரே ஒருமுறை வார்த்தையில் வைத்துப் பார்த்திருப்பார். மற்றவரிடம் சொல்லவும் அந்த வார்த்தைகள் கையில் இருக்கும்.

தொழில் நண்பர்களிடம் பெயர் வெளியில் தெரியக் கூடாது என்று நினைப்பவர்களும் உண்டு. அவர்கள் ரிவ்யூ எழுத மாட்டார்கள், ஆனால் தனியாகப் போனில் தாராளமாகச் சொல்வார்கள். அவர்களிடம் நேராக அறிமுகமே கேட்கலாம்.

சரி, என்னதான் எழுதி அனுப்புறது? ஒரு மாதிரி கொடுங்க.

உதிரிபாக வியாபாரிக்கு அனுப்பியது இது:

"வணக்கம் மேடம். நேத்து பேசும்போது, ஸ்டாக் எடுக்கிற வேலை இப்ப ஒரே நாள்ல முடியுதுன்னு சொன்னீங்க. கேட்க ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு. இதையே எங்க வெப்சைட்ல போடற மாதிரி மூணு நாலு வரி எழுதித் தர முடியுமா? முன்ன எப்படி இருந்தது, இப்ப எப்படி இருக்குன்னு சொன்னாலே போதும். எழுத நேரம் இல்லேன்னா ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. நாங்க டைப் பண்ணி, உங்ககிட்ட காட்டிட்டுத்தான் போடுவோம். பேர் வர வேண்டாம்னு நினைச்சா தயங்காம சொல்லுங்க, ஒண்ணும் பிரச்சினை இல்லை."

இதில் வேலை செய்வது முதல் இரண்டு வரிகள். அவர் சொன்னதையே திருப்பிச் சொல்வதால், நூறு பேருக்குப் போகும் மெசேஜ் இல்லை இது என்பது படித்தவுடன் தெரிகிறது. என்ன எழுதுவது என்ற யோசனையும் பாதி குறைகிறது. அடுத்தது, எங்கே போடப்போகிறோம் என்பதையும் எத்தனை வரி என்பதையும் சொல்லியிருப்பது. அளவு சொல்லாவிட்டால், கட்டுரை எழுதச் சொல்கிறார்களோ என்று பயந்து ஒதுங்குபவர்கள் நிறையப் பேர்.

கடைசி வரியைச் சிலர் வெட்டிவிடுவார்கள், மறுக்க வழி கொடுத்தால் மறுத்துவிடுவாரே என்று. வெட்டாதீர்கள். முடியாது என்று சொல்ல இடமில்லாதபோது ஆட்கள் "ஆமா" என்று சொல்லிவிட்டு எழுதாமல் இருப்பார்கள். அதன்பிறகு உங்கள் போனை எடுக்கவே தயங்குவார்கள். அடுத்த ஆர்டர் அந்தத் தயக்கத்திலேயே போய்விடும்.

"உங்கள் பொன்னான நேரத்தில் சில நிமிடங்களை ஒதுக்கி, தங்களது மேலான கருத்துகளைப் பதிவு செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்" என்ற நடையை விட்டுவிடுங்கள். அதில் மரியாதை இருக்கிறது, ஆனால் யாருக்கு எழுதியது என்பதே இல்லை. அந்த வாடிக்கையாளரிடம் வழக்கமாக எப்படிப் பேசுவீர்களோ, சார், மேடம், அண்ணே, அக்கா, எதுவாக இருந்தாலும், அதே நடையில் எழுதுங்கள். திடீரென்று நடை மாறினால் ஏதோ தப்பாகிவிட்டதோ என்று நினைப்பார்.

வாட்ஸ்அப் பிராட்காஸ்ட்டில் எல்லோருக்கும் ஒரேயடியாக அனுப்பும் எண்ணம் இருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் அது போய்ச் சேரும்.

"கண்டிப்பா எழுதித் தரேன்"னு சொன்னார். ஆளே காணோம்.

மனம் மாறியிருக்க மாட்டார். வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூடி வைத்திருப்பார். வியாபாரத்தில் கில்லாடியாக இருப்பவருக்கும் நான்கு வரி எழுதுவது வேறு வேலை. ஒரு வாரம் விட்டு, கேள்விகளாக அனுப்புங்கள்:

"மேடம், எழுத வேண்டாம், இந்த மூணுக்கு மட்டும் ஒவ்வொரு வரி பதில் போடுங்க. ஒண்ணு, எங்ககிட்ட வர்றதுக்கு முன்ன எதுல கஷ்டமா இருந்துச்சு? ரெண்டு, எங்களைக் கூப்பிடத் தயங்க வெச்ச விஷயம் ஏதாவது இருந்ததா? மூணு, இப்ப என்ன மாறியிருக்கு?"

இரண்டாவது கேள்வியைப் பார்த்து ஆச்சரியப்படுவீர்கள். மூன்றில் அதற்கு வரும் பதில்தான் மிகவும் பயன்படும். அந்த மேடம் சொன்னது: "எங்க கிடங்குல வேலை பார்க்கிறவங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, பழக மாட்டாங்கன்னு பயந்தேன். ஒரு வாரத்துல பழகிட்டாங்க." உங்கள் வெப்சைட்டைப் பார்க்கும் அடுத்த வாடிக்கையாளர் மனதில் இருப்பதும் அதே பயம். நீங்கள் பத்து முறை "எங்க மென்பொருள் சுலபம்" என்று எழுதினாலும் நம்பாதவர், இன்னொரு வியாபாரி தான் பயந்ததையும் பயம் போனதையும் சொன்னால் நம்புவார்.

இதற்கும் பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். முதலில் கேட்டது ஒன்று, நினைவூட்டல் ஒன்று, அவ்வளவுதான். மூன்றாவது முறை கேட்டுக் கிடைக்கும் ரிவ்யூ வேண்டாவெறுப்பாக இருக்கும், படிப்பவருக்கும் அது தெரியும்.

அவர் போன்ல சொன்னதை நாமளே எழுதி அவர் பேர்ல போட்டுடலாமா? "நீங்களே எழுதிக்கங்க"ன்னுதான் அவரும் சொல்றார்.

அவர் சொன்ன வார்த்தைகளை வைத்து நீங்கள் எழுதி, அவரிடம் காட்டி, "சரி" என்று எழுத்தில் பதில் வாங்கிப் போடலாம். உங்கள் வெப்சைட்டுக்கும் துண்டுப் பிரசுரத்துக்கும் இந்த வழி சரி. அவர் சொல்லாத எதையும் சேர்க்கக் கூடாது. "ஒரே நாள்ல முடியுது" என்று அவர் சொன்னதை "எங்கள் நேரம் பல மடங்கு மிச்சமாகிறது" என்று மாற்றினால் அது அவர் பேச்சு இல்லை, உங்கள் விளம்பரம்.

முழுக்க உங்கள் கற்பனையில் எழுதி, அவரிடம் ஒப்புதல் மட்டும் வாங்குவது வேறு. அவருக்குக் கூச்சம் இருக்கும். படிக்காமலேயே சரி என்பார். பிறகு யாராவது அவரிடம், "நீங்க இப்படிச் சொல்லியிருக்கீங்களே, நிஜமா?" என்று கேட்டால் விழிப்பார். போன பேரை மீட்பது கஷ்டம்.

கூகுள் ரிவ்யூ போன்ற பொது இடங்களில் இந்த வழி கூடவே கூடாது. அவரே, அவர் கணக்கிலிருந்து, அவர் போனிலிருந்து எழுத வேண்டும். நீங்கள் வாக்கியம் தயாரித்துக் கொடுத்து ஒட்டச் சொன்னால், நாலைந்து வாடிக்கையாளர்களின் ரிவ்யூ ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். படிப்பவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

எழுதிக் கொடுத்தார், ஆனா "குட் சர்வீஸ், நன்றி"ன்னு மட்டும்தான் இருக்கு. இதை வெச்சு என்ன பண்றது?

முதலில் மனதார நன்றி சொல்லுங்கள். குறை சொல்வது மாதிரி எதுவும் வேண்டாம். பிறகு ஒரே ஒரு கேள்வி: "நன்றி மேடம். எந்த விஷயத்துல ரொம்ப உதவியா இருந்துச்சுன்னு ஒரு வரி சேர்த்தா படிக்கிறவங்களுக்கும் புரியும். ஸ்டாக் எண்ணுறதைப் பத்தி அன்னைக்குச் சொன்னீங்களே, அதைச் சேர்க்கலாமா?" பெரும்பாலும் "சேர்த்துக்கங்க" என்று பதில் வரும்.

எழுத்துப்பிழையைத் திருத்தலாம், சுருக்கலாம். ஆனால் சுருக்கியதைத் திரும்பக் காட்டுங்கள். "ஆரம்பத்துல கொஞ்சம் தாமதம் ஆச்சு, ஆனா முடிச்சுக் கொடுத்த விதம் அருமை" என்று எழுதியிருந்தால் முதல் பாதியை வெட்டாதீர்கள். அந்தச் சிறு குறைதான் மீதியை நம்பவைக்கிறது. பேச்சு நடையையும் மாற்ற வேண்டாம். கிடங்கு முதலாளி சொன்னது ஆண்டறிக்கைத் தமிழில் வந்தால் யாரும் நம்ப மாட்டார்கள்.

கூகுள்ல ரிவ்யூ போட்டா டிஸ்கவுண்ட் தரேன்னு சொல்லலாமா? எல்லாரும் சொல்றாங்களே.

கூகுள் விதிப்படி கூடாது. ரிவ்யூ எழுதுவதற்கும், எழுதியதை மாற்றுவதற்கும் நீக்குவதற்கும் பணமோ தள்ளுபடியோ இலவசப் பொருளோ தருவது அங்கே தடை. சொந்த ஊழியர்கள் எழுதுவதும் தடைதான்.

பலர் அறியாமல் செய்வது இன்னொன்று. முதலில் ஒரு படிவம் அனுப்பி "திருப்தியா?" என்று கேட்பார்கள். ஆம் என்பவருக்கு மட்டும் கூகுள் இணைப்பு போகும், இல்லை என்பவரைத் தனி மின்னஞ்சலுக்குத் திருப்பிவிடுவார்கள். புத்திசாலித்தனமாகத் தெரியும், ஆனால் நல்ல ரிவ்யூ எழுதக்கூடியவர்களை மட்டும் பொறுக்கிக் கேட்பதையும் கூகுள் விதி தடுக்கிறது. எனவே கூகுள் இணைப்பை அனுப்புவதென்றால் வேலை முடிந்த எல்லோருக்கும் அனுப்புங்கள். திருப்தியானவரைத் தேர்ந்தெடுத்துக் கேட்பதை உங்கள் சொந்த வெப்சைட்டுக்கான வாசகத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "அஞ்சு ஸ்டார் போடுங்க" என்றும் கேட்காதீர்கள். "உங்க அனுபவத்தை எழுதுங்க" என்றால் போதும்.

ஒவ்வொரு தளத்துக்கும் விதி வேறு. யெல்ப், ரிவ்யூ கேட்கவே வேண்டாம் என்று நிறுவனங்களுக்குச் சொல்கிறது. லிங்க்ட்இன்னில் தனிநபருக்கான பரிந்துரையைக் கேட்பதற்கென்றே வசதி இருக்கிறது. நேரடித் தொடர்பில் இருப்பவரிடம் மட்டும் கேட்கலாம், அவர் எழுதியதை நீங்கள் ஏற்ற பிறகுதான் அது உங்கள் பக்கத்தில் தெரியும். இதெல்லாம் தளங்களின் விதி. அரசுகளும் கவனிக்கத் தொடங்கிவிட்டன. இந்தியத் தரநிர்ணய அமைப்பு ஆன்லைன் ரிவ்யூக்களுக்கென்று 2022-ல் ஐஎஸ் 19000 என்ற தரநிலையை வெளியிட்டது. அமெரிக்காவில், நல்லவிதமாக எழுதினால் சன்மானம் என்று நிபந்தனை போடுவதைத் தடுக்கும் விதி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது.

கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலில் ரிவ்யூவுக்கான நேரடி இணைப்பும் க்யூஆர் கோடும் கிடைக்கும். "கூகுள்ல எங்க பேரைத் தேடி எழுதுங்க" என்று சொல்லாமல் அந்த இணைப்பையே அனுப்புங்கள். தேடும்போது அதே பெயரில் வேறு நிறுவனம் வந்தால் ரிவ்யூ அங்கே போய்விடும். எழுதுபவருக்குக் கூகுள் கணக்கு இருக்க வேண்டும், அதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

"யாராவது இருந்தா சொல்லுங்க சார்"னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத்தான் வரேன். ஒருத்தரும் வரலை.

"யாராவது" என்றால் யார் முகமும் மனதில் வராது. அவர் சரி என்று தலையாட்டுவார், கதவைத் தாண்டியதும் மறந்துவிடுவார். கேட்பதைக் குறுக்க வேண்டும். யார், எந்தச் சிக்கலில் இருப்பவர் என்று சொன்னால் அவர் மனதில் ஓரிருவர் பெயர் தானாக வரும்.

அந்த மேடத்திடம் கேட்டது: "மேடம், உங்களை மாதிரியே ரெண்டு மூணு இடத்துல கிடங்கு வெச்சு, இன்னும் நோட்டுலயே ஸ்டாக் எழுதிட்டு இருக்கிறவங்க யாராவது உங்க சங்கத்துல இருக்காங்களா?" இதற்கு யோசிக்க முடியும். ஒருவர் நினைவுக்கு வந்தார்: "ஒருத்தர் இருக்கார், போன வாரம்கூட இதைத்தான் புலம்பிட்டு இருந்தார்."

இந்த இடத்தில் வாய் அடுத்துக் கேட்கத் துடிப்பது "அவர் நம்பர் தாங்க". கேட்காதீர்கள். அனுமதி இல்லாமல் இன்னொருவரின் எண்ணைக் கொடுப்பது அவருக்குச் சங்கடம். கொடுத்தாலும், முகம் தெரியாத ஆளிடமிருந்து போன் வந்தால் நண்பர் எரிச்சலாவார். அதற்குப் பதில், "நீங்களே அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க, அவருக்குச் சரின்னா எங்க நம்பரைக் கொடுங்க, இல்லேன்னா விட்டுடுங்க" என்று சொல்லி, அவர் அப்படியே ஃபார்வர்டு செய்ய ஒரு சின்ன மெசேஜும் அனுப்பிவையுங்கள்:

"ரெண்டு மூணு கிடங்கு உள்ள உதிரிபாகக் கடைகளுக்கு ஸ்டாக் கணக்கு மென்பொருள் போட்டுக் கொடுக்கிறோம். உங்க கணக்கு இப்ப எப்படி நடக்குதுன்னு நேர்ல வந்து பார்த்து, சரிப்பட்டு வருமா வராதான்னு சொல்லிடுவோம். பார்க்க வர்றதுக்குக் காசு கிடையாது."

இந்த மெசேஜில் உங்களைப் பற்றிய புகழ்ச்சி ஒரு சொல்கூட இருக்கக் கூடாது. அதை மேடம் தன் வாயால் சொல்வார். அவர் பெயரில் நீங்கள் எழுதிய பாராட்டை அவரே ஃபார்வர்டு செய்ய வேண்டும் என்றால் கை வராது. "வராதான்னு சொல்லிடுவோம்" என்ற பகுதியும் முக்கியம். நண்பர் வாங்காவிட்டாலும் தனக்கு மனக்கசப்பு வராது என்ற தைரியம் அதில்தான் அவருக்குக் கிடைக்கிறது.

சொன்ன பிறகு சும்மா இருங்கள். "கேட்டீங்களா, என்ன சொன்னார்?" என்று மூன்றாம் நாளே போன் செய்தால் உதவி கடமையாகிவிடும்.

அறிமுகம் வந்துடுச்சு. அடுத்து என்ன?

அன்றே பேசுங்கள், தவறினால் மறுநாள். தாமதமானால் "நீ சொன்ன ஆள் கூப்பிடவே இல்லை" என்ற பேச்சு மேடத்துக்குப் போகும், அடுத்த அறிமுகம் வராது.

பேசியதும் மேடத்துக்கு ஒரு வரி: "அவர்கிட்ட பேசிட்டேன் மேடம், வியாழக்கிழமை நேர்ல போறோம். ரொம்ப நன்றி." முடிவு என்னவானாலும் இன்னொரு வரி. ஒத்துவரவில்லை என்றால், "அவருக்கு இப்ப தேவை இல்லை மேடம், நல்லபடியாப் பேசிட்டு வந்தோம்." நண்பரின் கணக்கு வழக்கு, பேசிய தொகை, அவர் சொன்ன கஷ்டம் எதையும் சொல்லக் கூடாது. அறிமுகம் செய்தவர் என்றாலும் அவர் மூன்றாம் ஆள்தான். இந்த எல்லை தெரியாமல் பேசி இரண்டு வாடிக்கையாளரையும் ஒரே நாளில் இழப்பவர்கள் உண்டு.

அறிமுகம் செஞ்சவருக்குக் கமிஷன் தரணுமா?

தொழிலைப் பொறுத்தது. தரகு வழக்கமாக உள்ள தொழிலில் பேசித் தரலாம். மற்ற இடங்களில், நட்புக்காகச் சொன்னவரிடம் பணத்தை நீட்டினால் அவர் நண்பரை விற்ற மாதிரி ஆகிவிடும். அவருடைய அடுத்த சர்வீஸில் ஏதாவது கூடுதலாகச் செய்து கொடுப்பது உறுத்தாது. கமிஷன் தருவதென்று முடிவு செய்தால் எல்லோருக்கும் ஒரே கணக்கு வையுங்கள், அறிமுகமாகி வருபவருக்கும் அது தெரிந்திருக்கட்டும். பின்னால் தெரியவந்தால் முன்பு சொன்ன நல்ல வார்த்தையும் சந்தேகத்துக்கு உள்ளாகும். வக்கீல், டாக்டர் போன்றவர்களுக்கு அவர்களுடைய தொழில் நெறிமுறைகளே கட்டுப்பாடு விதிக்கும். அதைப் பார்க்காமல் இறங்காதீர்கள்.

பெரிய கம்பெனி. மேனேஜருக்கு ரொம்பத் திருப்தி, ஆனா "எழுத்துல தர முடியாது"ன்னுட்டார்.

உண்மையாகவே முடியாது. நிறுவனப் பெயரை வெளியில் பயன்படுத்தச் சட்டப் பிரிவோ விளம்பரப் பிரிவோ அனுமதிக்க வேண்டும். அவரை வற்புறுத்தினால் அவருக்குத்தான் தொந்தரவு.

"புது வாடிக்கையாளர் யாராவது கேட்டா, உங்ககிட்ட பத்து நிமிஷம் போன்ல பேச வைக்கலாமா சார்?" என்று கேட்டுப் பாருங்கள். எழுத்தில் தர முடியாத பலர் இதற்கு ஒப்புக்கொள்வார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் அவரிடம் சொல்லிவிட்டே எண்ணைக் கொடுக்க வேண்டும். மாதம் ஒரு அழைப்புக்கு மேல் போனால் சலித்துவிடும், ஆகவே வாங்குவது உறுதியாகும் கட்டத்தில் இருப்பவரை மட்டும் பேச வையுங்கள்.

பெயரில்லாமல் போட அனுமதி கிடைத்தால், "மூன்று கிடங்கு உள்ள உதிரிபாக வியாபாரி" என்பது போலத் தொழிலும் அளவும் தெரியும்படி போடுங்கள். "ஒரு முன்னணி நிறுவனம்" என்று போட்டால் யாரும் நம்ப மாட்டார்கள்.

பேர், போட்டோ போட வாய்வார்த்தையா சரின்னு சொன்னாலே போதாதா?

போதாது. வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ ஒரு பதில் இருந்தால் போதும், முத்திரைத் தாள் எல்லாம் தேவையில்லை. கேட்க வேண்டியவை: பெயர் முழுதாகவா முதலெழுத்து மட்டுமா, நிறுவனப் பெயர் வரலாமா, போட்டோ போடலாமா, எங்கெல்லாம் போடலாம். கடைசிக் கேள்வியில்தான் வழக்கமாகச் சிக்கல் வரும். வெப்சைட்டுக்கு என்று சம்மதித்தவர் தன் முகத்தை இன்ஸ்டாகிராம் விளம்பரத்தில் பார்த்தால் கோபப்படுவார், அதில் நியாயமும் உண்டு. எப்போது வேண்டுமானாலும் எடுக்கச் சொல்லலாம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

அவர் வாட்ஸ்அப் டிபியை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போடுவது அனுமதி ஆகாது. பாராட்டிய சாட்டை அப்படியே படமெடுத்து ஸ்டேட்டஸில் வைப்பதற்கும் கேட்க வேண்டும். உங்களுக்கு மட்டும் என்று நினைத்து எழுதியது அது.

ரிவ்யூ கேட்கப் போனா, குறையைக் கொட்டிட்டார்.

அன்று ரிவ்யூ பேச்சையே எடுக்காதீர்கள். சொன்னதை எழுதிக்கொண்டு, எந்தத் தேதிக்குள் சரிசெய்வீர்கள் என்று சொல்லி, அதற்குள் செய்துவிட்டுத் தெரிவியுங்கள். "இப்ப சரியாயிடுச்சுல்ல, ஒரு ரிவ்யூ போட்டுடுங்க" என்று அதே மூச்சில் கேட்டால், ரிவ்யூவுக்காகத்தான் சரிசெய்தீர்கள் என்றாகிவிடும். அவர் அடுத்து தானாக நல்லது சொல்லும் நாள் வந்தால் அன்று கேட்கலாம்.

பழைய ரிவ்யூவை எவ்வளவு நாள் வெச்சிருக்கலாம்?

அவர் இன்னும் உங்கள் வாடிக்கையாளராக இருந்து, சொன்ன விஷயம் இன்றும் உண்மையாக இருக்கும்வரை. வருஷத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் எடுத்துப் பாருங்கள். எழுதியவர் அந்தக் கம்பெனியை விட்டுப் போயிருக்கலாம், அவர் பாராட்டிய வசதியை நீங்களே நிறுத்தியிருக்கலாம், அல்லது போன மாதம்தான் அவர் வேறு இடத்துக்கு மாறியிருக்கலாம். இதில் எது நடந்திருந்தாலும் எடுத்துவிடுங்கள். மற்றவற்றின் கீழே எழுதிய மாதமும் வருஷமும் போடுங்கள்.